ஒரு பிழையுமில்லாத ஆங்கிலத்தில வந்த "கணக்கு மாத்தியிருக்கிறம்" கடிதம்: உண்மையோ பொய்யோ எண்டு எதை வைச்சுப் பார்க்கிறது?

சுன்னாகத்தான்

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் முருங்கையிலைத் தூள் அரைச்சு, பைக்கற் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புறனாங்கள். பைக்கற் நிரப்பி ஒட்டுற இயந்திரம் ஒண்டுக்கு கோயம்புத்தூரில ஒரு கொம்பனியிட்ட ஓடர் குடுத்திருக்கிறம். மொத்தம் 6,000 டொலர். 30 வீதம், 1,800 டொலர், முற்பணமா வங்கியால அனுப்பியாச்சு. மிச்சம் 4,200 டொலரைக் கப்பலில ஏத்த முதல் கட்டவேணும்.

நேற்று அவையின்ர கணக்குப் பிரிவில இருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நாங்கள் இவ்வளவு நாளும் எழுதிக்கொண்டதெல்லாம் கீழ அப்படியே ஒட்டியிருக்கு. ஓடர் இலக்கம் சரி, தொகை சரி. ஆண்டுக் கணக்காய்வு நடக்கிறதால பழைய கணக்கில காசு வாங்கேலாதாம், இணைப்பில இருக்கிற புதுக் கணக்குக்குப் போடட்டாம், வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டால் இந்தக் கப்பலிலேயே ஏத்தலாமாம்.

எனக்கு இடிக்கிறது அந்த ஆங்கிலம்தான். அந்த ஆள் வழமையா "டியர் சேர், பிஐ அட்டாச், கைன்ட்லி டூ நீட்ஃபுல் ஃபாஸ்ற்" எண்டு ஒரு வரியில முடிச்சுப்போடுவார். பிஐ எண்டால் அவை காசு கட்ட முதல் அனுப்புற முன்விலைப்பட்டியல். இந்தக் கடிதத்தில ஒரு கொமா கூடப் பிழையில்லை. அசௌகரியத்துக்கு வருந்துறம், உங்கட பொறுமைக்கு நன்றி எண்டு பந்தி பந்தியாப் போகுது. இது ஏஐ எழுதினதோ எண்டு கண்டுபிடிக்க வழியிருக்கோ? இன்னும் காசு போடேல்லை.

ஊரெழு_வாசி

தம்பி, நான் பலகாலமா இந்த மோசடிக் கடிதங்களைப் பார்த்து வாறன். கள்ளன் எழுதினால் எழுத்துப் பிழை கட்டாயம் இருக்கும். "அன்பான பயனாளி" எண்டு தொடங்கி, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து, மூண்டு ஆச்சரியக்குறியோட முடிப்பாங்கள். நீர் சொல்லுறதில அது ஒண்டுமில்லை. பழைய கடிதங்களும் கீழ இருக்கு எண்டுறீர். அவை கணக்குக்கு ஒரு படிச்ச பிள்ளையைச் சேர்த்திருப்பினம். பயப்பிடாமல் போடும்.

வடமராட்சி_பெடியன்

அண்ணை, ஏஐ எழுதினதைக் கண்டுபிடிக்கிற தளங்கள் இருக்கு. கடிதத்தை அதில ஒட்டினால் எத்தினை வீதம் மனிசன் எழுதினது எண்டு காட்டும். எங்கட கம்பசில ஒப்படைகளை அப்பிடித்தான் பார்க்கினம். போட்டுப் பார்த்திட்டு வீதத்தைச் சொல்லுங்கோ.

கொக்குவில்_வலை

சுன்னாகத்தான், முதல் விசயம்: காசைப் போடாதேங்கோ. நாங்கள் இதில கதைச்சு முடிக்கும் வரைக்கும் அந்தக் கடிதத்துக்குப் பதிலும் போடாதேங்கோ. நான் சில நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் சேவர் பார்க்கிறனான். இந்த வகை கன தரம் கண்டிருக்கிறன்.

ஊரெழு அண்ணை சொன்னதில பாதி இன்னும் சரி. பிழையும் கோணலுமா எழுதின கடிதம் இப்பவும் வருது, அதைக் கண்டால் சந்தேகப்படத்தான் வேணும். பிழையே இல்லாததால நல்ல கடிதம் எண்டு எடுக்கிற மற்றப் பாதிதான் இப்ப சரிவராது. 2022 நவம்பரில சட்ஜிபிடி வெளியில வந்தாப்பிறகு, ஆங்கிலம் எழுதத் தெரியாதவனுக்கும் நல்ல வணிகக் கடிதம் ஒரு நிமிசத்தில கிடைக்குது. அது கள்ளனுக்கு மட்டுமில்லை. உங்கட கோயம்புத்தூர்க்காரரும் தன்ர ஒரு வரியைக் குடுத்து "இதை வடிவா எழுதித் தா" எண்டு கேட்டிருக்கலாம்.

தம்பி சொன்ன தளங்கள் இந்த இடத்தில உதவாததும் அதாலதான். முதலாவது, நாலு பந்திக் கடிதம் அந்தக் கருவிகளுக்குக் காணாது, சின்ன எழுத்தில அவை கண்டபடி மாறிச் சொல்லும். இரண்டாவது, அது சரியாச் சொன்னாலும் உங்களுக்கு என்ன தெரியவரும்? ஏஐ எழுதினது எண்டு தெரியும். அனுப்பினது ஆர் எண்டு தெரியாது. 4,200 டொலர் போற இடம் அந்த இரண்டாவது கேள்வியிலதான் தொங்குது.

கோணலான கடிதங்கள் ஏன் அப்பிடி இருந்தது எண்டும் யோசிக்கவேணும். மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவில இருந்த கோர்மக் ஹேர்லி 2012இல ஒரு கட்டுரையில இதைக் கணக்குப் போட்டுக் காட்டினவர். லட்சம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்பச் செலவில்லை. ஆனால் பதில் போடுற ஒவ்வொருத்தரோடயும் ஒரு ஆள் இருந்து நாள்க்கணக்கில எழுதவேணும். அதால, நம்பவே ஏலாத கதையைச் சொன்னால் சந்தேகப்படுற ஆக்கள் முதலிலேயே விலகிப்போடுவினம், மிஞ்சி வாறவை கடைசி மட்டும் வருவினம். அவர் சொன்னது கதையைப் பற்றி. எழுத்துப் பிழைக்கும் அதே காரணம்தான் எண்டு மற்றவை பிறகு நீட்டினவை, அது எல்லா இடத்திலயும் பொருந்துமோ எண்டு எனக்குச் சந்தேகம். எப்பிடியோ, பதில் எழுதுற வேலையையும் ஏஐ செய்யுமெண்டால் அந்த வடிகட்டலுக்குத் தேவை குறையுது.

இன்னொண்டு. உங்களுக்கு வந்தது லட்சம் பேருக்கு எறிஞ்ச வலை இல்லை. உங்கட ஓடரைப் படிச்சு உங்களுக்கு எண்டே எழுதினது. இந்த வகை ஏஐக்கு முதலே துப்புரவாத்தான் எழுதப்பட்டது. அமெரிக்க எஃப்பிஐக்கு 2023இல இந்த வகையில முறையிட்ட நட்டம் மட்டும் 290 கோடி டொலருக்கு மேல.

இப்ப ஒரு வேலை செய்யுங்கோ. ஃபோன் செயலியில பார்க்கேலாது, கம்பியூட்டரில ஜிமெயிலைத் திறந்து, அந்தக் கடிதத்தின்ர மூண்டு புள்ளியை அழுத்தி `Show original` எண்டதுக்குப் போங்கோ. அதில `From`, `Reply-To`, `Authentication-Results` எண்டு தொடங்குற வரிகளை இதில போடுங்கோ. கொம்பனிப் பெயரை மாத்திப் போடுங்கோ.

நல்லூர்_ரீச்சர்

எனக்கும் இப்படி ஒன்று வந்தது, அதையும் சொல்கிறேன். தபாலில் பொதி வந்து நிற்கிறது, முகவரி பிழை, சிறு தொகை கட்டினால் கொண்டுவந்து தருவோம் என்று தமிழிலேயே மின்னஞ்சல். தமிழ் நல்ல தமிழ், சந்தி கூடச் சரியாக இருந்தது. ஆனால் "அஞ்சல் துறை" என்றும் "உங்கள் மொபைல் எண்" என்றும் இருந்தது. எங்கள் தபால் கந்தோரில் இருந்து வருவதென்றால் தபால் திணைக்களம், தொலைபேசி இலக்கம் என்றல்லவா இருக்கும்? தமிழ்நாட்டு வழக்கில் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அதைக் கண்டவுடன் அழித்துவிட்டேன். ஆகவே தம்பிமாரே, மொழியைக் கவனித்தால் இப்பவும் பிடிக்கலாம் என்பது என் எண்ணம்.

கொக்குவில்_வலை

ரீச்சர், நல்லாப் பிடிச்சிருக்கிறீங்கள். ஏஐக்கோ மொழிபெயர்ப்புக் கருவிக்கோ தமிழ் எண்டால் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ்தான் வரும், அதால உங்கட அடையாளம் இப்பவும் வேலை செய்யுது. ஆனால் "இலங்கை வழக்கில எழுது" எண்டு ஒரு வரி சேர்த்துக் கேட்டால் அது மாறிப்போம். அடுத்த கடிதத்தில "தபால் திணைக்களம்" எண்டே இருந்தால் என்ன செய்வீங்கள்?

அதுக்கு லிங்கைப் பார்க்கப் பழகவேணும். எங்கட தபால் திணைக்களத்தின்ர தளம் `slpost.gov.lk`. கள்ள லிங்க் இப்பிடி இருக்கும்:

```
https://slpost.gov.lk.parcel-fee.example/pay
```

`https://` க்குப் பிறகு வாற முதல் சாய்கோட்டில நிண்டு, அங்கயிருந்து இடப்பக்கமா வாசியுங்கோ. அந்தச் சாய்கோட்டோட ஒட்டி நிக்கிறது `parcel-fee.example`. சொந்தக்காரன் அவன்தான். அதுக்கு முன்னால `slpost.gov.lk` எண்டு ஆரும் எழுதலாம், அதுக்கு ஒருத்தரிட்டயும் அனுமதி கேட்கத் தேவையில்லை. தமிழ் எவ்வளவு திருத்தமா இருந்தாலும் இந்த இடத்தை அவனால மாத்தேலாது.

சுன்னாகத்தான்

அண்ணை, எடுத்தாச்சு. பெயர்கள் மாத்தினது.

```
From: "Accounts" <accounts@abcmachines.example>
Reply-To: <accounts@abcrnachines.example>
Authentication-Results: mx.google.com;
  dkim=pass header.i=@mailer77.example;
  spf=pass smtp.mailfrom=bounce@mailer77.example;
  dmarc=fail (p=NONE) header.from=abcmachines.example
```

வடமராட்சி_பெடியன்

`From` சரியான முகவரிதானே? `spf=pass`, `dkim=pass` எண்டும் இருக்கு. இரண்டும் பாஸ் எண்டால் கடிதம் உண்மையானது. ஒண்டுதான் ஃபெயில், அது அவையின்ர செற்றிங்ஸ் பிழையா இருக்கும்.

கொக்குவில்_வலை

தம்பி, பாஸ் எண்ட சொல்லோட நிக்காமல், ஆருக்குப் பாஸ் எண்டு பக்கத்தில இருக்கிறதையும் வாசியும். இரண்டு பாஸும் `mailer77.example` எண்ட டொமைனுக்கு. அந்த டொமைன் தன்ர கடிதத்தைத் தான்தான் அனுப்பினது எண்டு உறுதிப்படுத்துது, அது உண்மையும் கூட. ஆனால் அண்ணையின்ர கண்ணுக்குத் தெரியிற பெயர் `abcmachines.example`. ஒரு கொம்பனியின்ர கடிதத்தாளில எழுதி, வேற ஊர்த் தபால் கந்தோரில போட்டமாதிரி. முத்திரை உண்மையான முத்திரைதான், கடிதத்தாள்தான் களவு.

கடைசி வரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியிற டொமைனும் உறுதிப்படுத்தப்பட்ட டொமைனும் ஒண்டோ எண்டு கேட்டு, இல்லை எண்டு சொல்லுது. அப்ப ஏன் ஜிமெயில் தடுக்கேல்லை எண்டால், பக்கத்தில இருக்கிற `p=NONE` தான் காரணம். அந்தக் கொம்பனி "என்ர பெயரில கள்ளக் கடிதம் வந்தால் ஒண்டும் செய்யாதேங்கோ" எண்டு தன்ர டொமைனில எழுதி வைச்சிருக்கு. கன சின்னக் கொம்பனிகள் இந்த நிலையிலதான் விட்டு வைச்சிருக்கினம். நீர் சொன்னமாதிரி செற்றிங்ஸ் பிழையாலயும் இந்த ஃபெயில் வரலாம், அது உண்மை. அவை வேறொரு சேவையால கடிதம் அனுப்பி, அதைச் சரியா இணைக்காட்டி இப்பிடித்தான் காட்டும். அதாலதான் இதை மட்டும் வைச்சு நான் முடிவெடுக்கமாட்டன்.

முடிவெடுக்க வைக்கிறது இரண்டாவது வரி. `Reply-To` வில இருக்கிற முகவரியை ஒரு எழுத்து ஒரு எழுத்தா வாசியுங்கோ. `abcmachines` இல்லை, `abcrnachines`. `m` இருக்கவேண்டிய இடத்தில `r` உம் `n` உம் பக்கத்தில பக்கத்தில நிக்குது. ஃபோன் எழுத்தில அது `m` மாதிரித்தான் தெரியும். நீங்கள் "சரி, போடுறன்" எண்டு பதில் எழுதினால் அது கோயம்புத்தூருக்குப் போகாது. செற்றிங்ஸ் பிழையால ஒருநாளும் இப்பிடி ஒரு டொமைன் தானா முளைக்காது. ஆரோ காசு குடுத்துப் பதிஞ்சது.

இதைக் கண்டுபிடிக்க `Show original` உம் தேவையில்லை. ஃபோனிலேயே `Reply` அழுத்திப்போட்டு அனுப்பாமல், மேல வாற முகவரியை அப்பிடியே எடுத்து உங்கட மின்னஞ்சல் தேடலில ஒட்டுங்கோ. மாதக்கணக்கா எழுதிக்கொண்ட ஆளெண்டால் பழைய கடிதங்கள் வரிசையா வரும். இந்த ஒரு கடிதம் மட்டும் வந்தால் அது புது ஆள். கண் ஏமாந்தாலும் தேடல் `rn` ஐயும் `m` ஐயும் மாறி எடுக்காது.

பருத்தித்துறை_கணக்கு

சுன்னாகத்தான் தம்பி, நான் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகள் பார்க்கிறனான். மின்னஞ்சல் நுட்பம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புதுக் கணக்கு விபரத்தில ஸ்விஃப்ற் கோட் எண்டு எட்டு அல்லது பதினொரு எழுத்து இருக்கும். அதில ஐந்தாவது ஆறாவது எழுத்து என்ன? முற்பணம் போட்ட பழைய பிஐயில இருக்கிற கோட்டையும் எடுத்துப் பக்கத்தில வைச்சுப் பாரும்.

சுன்னாகத்தான்

அக்கா, பழையது `....INBB`. புதியது `....HKHH`. முதல் நாலு எழுத்தையும் மறைச்சுப்போட்டன். ஆனால் வங்கியின்ர பெயர் இந்திய வங்கி எண்டுதான் இணைப்பில போட்டிருக்கு, பயனாளி பெயரும் அதே கொம்பனிதான்.

பருத்தித்துறை_கணக்கு

அந்த இரண்டு எழுத்தும் நாடு. `IN` இந்தியா, `HK` ஹொங்கொங். கோயம்புத்தூரில கணக்காய்வு நடக்குது எண்டதுக்காக ஹொங்கொங் கணக்கில காசு வாங்குற கொம்பனியை நான் காணேல்லை. பயனாளி பெயர் சரியா இருக்கு எண்டதையும் பெரிசா எடுக்காதேயும். நாடு விட்டு நாடு போற காசை, கன இடத்தில பெறுகிற வங்கி கணக்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் வரவு வைக்கும். பெயர் பொருந்துதோ எண்டு ஒவ்வொண்டாப் பார்க்கும் எண்டு நம்பியிருக்கேலாது. பிறகு எங்கட வங்கி திருப்பிக் கேட்டாலும், அங்க கணக்கில இருந்து காசு எடுத்துப் போட்டால் திரும்பாது.

இன்னொண்டு கவனிச்சனீரோ? கணக்கு விபரம் முழுக்க இணைப்பிலதான் இருக்கு. எங்கட வேலையில நான் கண்ட கள்ளக் கடிதங்களில கனக்க அப்பிடித்தான். கடிதம் பந்தி பந்தியா மன்னிப்புக் கேட்கும், முக்கியமான இலக்கம் மட்டும் ஒரு பிடிஎஃப்புக்குள்ள கிடக்கும்.

ஊரெழு_வாசி

எல்லாம் சரி, ஆனால் நான் ஒண்டு கேட்கிறன். உண்மையாவே கணக்கு மாத்துற கொம்பனியும் இருக்குத்தானே? எங்கட சங்கம் வங்கி மாத்தினபோது நாங்களும் எல்லாருக்கும் ஒரு கடிதம்தான் அனுப்பினனாங்கள். அதைச் செயலாளர் நல்ல ஆங்கிலத்தில எழுதினவர். நீங்கள் சொல்லுறபடி பார்த்தால் எங்களையும் கள்ளர் எண்டெல்லோ நினைச்சிருப்பினம்?

கொக்குவில்_வலை

நினைச்சிருக்கலாம் அண்ணை, அப்பிடி நினைச்சு ஒருத்தர் ஃபோன் எடுத்துக் கேட்டிருந்தால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. நல்ல ஆங்கிலத்தை வைச்சுச் சந்தேகப்படச் சொல்லேல்லை. கணக்கு மாத்தச் சொல்லுறதை வைச்சுச் சந்தேகப்படச் சொல்லுறன். கடிதம் கோணலா இருந்தாலும் நேரா இருந்தாலும் அந்தக் கோரிக்கை வந்த உடனே ஒரே வேலைதான்: பழைய இலக்கத்துக்கு நீங்களா எடுத்துக் கேட்கிறது.

இதில ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லவேணும். இந்தக் கள்ளன் அவசரக்காரன். `From` இல உண்மையான பெயரைப் போட்டதால `dmarc=fail` வந்தது. `rn` டொமைனையே `From` இலயும் போட்டிருந்தால் மூண்டும் பாஸ் காட்டியிருக்கும், ஏன் எண்டால் அது அவன்ர சொந்த டொமைன். அதைவிட மோசம், கோயம்புத்தூர்க்காரரின்ர மின்னஞ்சலுக்குள்ளேயே புகுந்து அங்கயிருந்து அனுப்பியிருந்தால் முகவரியும் சரி, மூண்டும் பாஸ், பழைய கடிதங்களோட ஒரே இழையில வந்திருக்கும். அப்ப நான் மேல சொன்ன ஒண்டும் உதவாது. அக்கா சொன்ன `HK` உம் ஃபோன் அழைப்பும்தான் மிஞ்சும்.

வடமராட்சி_பெடியன்

இப்ப குரலையும் அப்பிடியே செய்யினமே. ஃபோனில கதைச்சது அவர்தான் எண்டு எப்பிடி நம்புறது?

கொக்குவில்_வலை

அவன் உங்களுக்கு எடுத்தால் நம்பேலாது. நீங்கள் பழைய பிஐயிலயோ விசிற்றிங் காட்டிலயோ இருக்கிற இலக்கத்துக்கு எடுத்தால் கள்ளன் அந்த இலக்கத்தையும் கைப்பற்றி வைச்சிருக்கவேணும். புதுக் கடிதத்தின்ர அடியில இருக்கிற இலக்கத்துக்கு மட்டும் எடுக்காதேங்கோ. வட்ஸ்அப் கணக்குகள் பறிபோறது நடக்குது, அதால சாதாரண அழைப்பா எடுங்கோ. எதிர்காலத்தில அதுவும் போதாமல் போகுமோ எண்டால் எனக்குத் தெரியேல்லை.

பருத்தித்துறை_கணக்கு

எங்கட கந்தோரில பெரிய தொகையெண்டால், மின்னஞ்சலில ஒருநாளும் எழுதாத ஒரு விசயத்தைக் கேட்போம். நேரில சந்திச்சபோது கதைச்சது, சாமான் பார்க்கப் போனபோது நடந்தது. கள்ளன் கடிதம் முழுக்கப் படிச்சிருப்பான், அதில இல்லாதது அவனுக்குத் தெரியாது.

சுன்னாகத்தான்

கதைச்சாச்சு. பழைய பிஐயில இருந்த இலக்கத்துக்கு எடுத்தன். அந்த ஆள்தான் தூக்கினவர். கணக்கு மாத்தேல்லை, கணக்காய்வும் இல்லை, அந்தக் கடிதம் தான் அனுப்பேல்லை எண்டவர். என்னைப்போல இன்னொரு வாடிக்கையாளரும் அவரிட்ட இப்பிடிக் கேட்டிருக்கிறாராம். மிச்சக் காசைப் பழைய கணக்குக்கே போடப்போறன்.

ஆனால் எனக்கு விளங்காத ஒண்டு. எங்கட பழைய கடிதங்கள் முழுக்க அவனிட்ட எப்பிடி வந்தது?

கொக்குவில்_வலை

அதுதான் பெரிய கேள்வி. இரண்டு பக்கத்தில ஏதோ ஒரு பக்கத்து மின்னஞ்சலுக்குள்ள ஆரோ இருந்திருக்கிறான், இருக்கிறான் எண்டும் எடுக்கவேணும். உங்கட ஜிமெயிலில `Settings` க்குள்ள `Filters and Blocked Addresses`, `Forwarding and POP/IMAP` இரண்டையும் பாருங்கோ. உள்ள புகுந்தவன் "இந்த ஆளிட்ட இருந்து வாறதை எனக்கு அனுப்பு, இன்பொக்ஸில காட்டாதே" எண்டு ஒரு விதி எழுதி வைக்கிறது வழமை. கடவுச்சொல்லை மாத்தினாலும் அந்த விதி அழியாது, நீங்கள்தான் அழிக்கவேணும். பிறகு `Security` பக்கத்தில எந்தெந்தச் சாதனத்தில கணக்குத் திறந்திருக்கு எண்டு பார்த்து, தெரியாததை வெளியேத்துங்கோ. இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கோ. கோயம்புத்தூர்க்காரருக்கும் இதையே சொல்லுங்கோ, ஃபோனில சொல்லுங்கோ. அவரின்ர பெட்டியில ஆளிருந்தால் நீங்கள் எழுதுறதையும் அவன் வாசிப்பான்.

இணையப் பாதுகாப்பு முறைப்பாடுகளைப் பார்க்கிற ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கும் அறிவியுங்கோ, இலக்கம் 101. அந்தக் கள்ள டொமைனைப் பதிஞ்ச நிறுவனத்துக்கும் தலைப்பு வரிகளோட முறைப்பாடு அனுப்பலாம்.

நல்லூர்_ரீச்சர்

தம்பி, நீங்கள் சொன்னபடி என் கடிதத்தைக் குப்பைப் பெட்டியில் இருந்து எடுத்து லிங்கை வலப்பக்கத்தில் இருந்து வாசித்தேன். `gov.lk` நடுவில் இருந்தது, கடைசியில் வேறு ஒரு பெயர். ஆனால் அழுத்தாமல் லிங்கைப் பார்ப்பது ஃபோனில் எப்படி? என் மகள் கணினியில்தான் காட்டினாள்.

கொக்குவில்_வலை

ஃபோனில லிங்கில விரலை வைச்சு அழுத்திப் பிடியுங்கோ ரீச்சர், தட்டிப்போடாதேங்கோ. முகவரி ஒரு சின்னப் பெட்டியில வரும். நீளமான முகவரியெண்டால் முன்பக்கம் மட்டும் காட்டி மிச்சத்தை வெட்டிப்போடும், அப்பிடியெண்டால் நகலெடுத்துக் குறிப்புச் செயலியில ஒட்டி முழுக்கப் பாருங்கோ.

சுன்னாகத்தான்

என்ர பக்கத்தில விதி ஒண்டுமில்லை, தெரியாத சாதனமும் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் தன்ர பக்கத்திலயும் ஒண்டுமில்லை எண்டுறார், ஆனால் அவையின்ர கந்தோரில நாலு பேர் ஒரே கடவுச்சொல்லால அந்த `accounts` பெட்டியைத் திறக்கினமாம். ஆற்ற ஃபோனால போனது எண்டு அவருக்கே சொல்லத் தெரியேல்லை. 101க்கு அறிவிச்சிருக்கிறன். பணம் போட்டாப்பிறகு ரசீதை மின்னஞ்சலில அனுப்பாமல், இலக்கத்தை ஃபோனில வாசிக்கிறதா அவரோட கதைச்சு வைச்சிருக்கிறன்.